அம்மாவின் வலது கையும் ஒரு வாந்தி மாத்திரையும்

"அப்பாவுக்குப் பார்க்கின்சன். கையில் பலம் குறையவில்லை என்று டாக்டர் சொல்கிறார். அப்புறம் ஏன் சட்டைப் பொத்தான் போடவே கால் மணி நேரம் ஆகிறது? டொபமைன் குறைந்தால் அசைவு ஏன் மெதுவாக வேண்டும்? நேர்வழி, மறைமுக வழி என்கிறார்களே, அது என்ன?"

உங்கள் அப்பா வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார் என்று ஒரு நாளாவது உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்றியதற்காக உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் அம்மாவைப் பற்றி நானும் அப்படித்தான் நினைத்தேன், அதுவும் பிசியோதெரபி படித்து முடித்த பிறகு.

அம்மா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் 31 வருடம் கொழுந்து எடுத்தவர். இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓடும். முதலில் வலது கை பின்தங்கியது. நடுக்கம் இல்லை, வலி இல்லை. காலையில் நிரையில் இறங்கும்போது சரியாகத்தான் கிள்ளுவார், போகப் போக விரல் திறக்கிற அளவு சுருங்கிக்கொண்டே வரும். "என்னம்மா, தூக்கமா?" என்று கங்காணி கேட்பார். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். இதைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியவில்லை: ஒரு மனுஷி விடிந்ததிலிருந்து மலையில் நின்றிருக்கிறாள், தராசு முள்ளைப் பார்த்து அவளுக்குப் பாதி நாள்தான் என்று எழுதுகிறார்கள். நோய் என்று தெரியாமலே ஒன்றரை வருடம் அம்மா அரைப்பேர் வாங்கினார். சரி, கேள்விக்கு வருகிறேன்.

பலம் என்பது ஒன்று, அசைவை வேண்டிய அளவில் வேண்டிய வேகத்தில் அவிழ்த்து விடுவது வேறொன்று. அம்மாவிடம் என் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் நன்றாகவே பிடித்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னேன். முதல் நாலு தட்டு அகலமாக வந்தது. பத்தாவது தட்டில் விரல்கள் விலகவே இல்லை. வெறும் பலக்குறைவு என்றால் இப்படித் தட்டத் தட்டச் சுருங்கிக்கொண்டே போகாது, பிடியிலேயே முதலில் தெரிந்துவிடும். உங்கள் அப்பாவிடமும் ஒவ்வொரு கையாகச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது மூளைக்குள். மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகளின் கூட்டம் பேசல் கேங்லியா. அதன் வெளிவாசலில் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியின் உட்பக்கம் இருக்கிறது, அதை உள் பாலிடம் என்று வைத்துக்கொள்வோம். அதன் வேலை தலாமஸ் என்ற இன்னொரு பகுதியை அடக்கி வைப்பது. நாம் சும்மா இருக்கும்போதும் அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பும். அமர்ந்திருக்கும் குரங்கில் அளந்தபோது நொடிக்கு ஏறத்தாழ 60 முதல் 80 தடவை. தலாமஸ் அடங்கியிருக்கும் வரை, அசைவைத் தொடங்கி வைக்கும் மூளைப் புறணிக்கு அது உதவ முடியாது. அதாவது பிரேக் எப்போதும் போட்டபடிதான் இருக்கிறது. அசைய வேண்டும் என்றால் அந்த அசைவுக்கான பிரேக்கை மட்டும் தளர்த்த வேண்டும்.

தளர்த்துவது நேர்வழி. புறணியிலிருந்து கட்டளை ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு வருகிறது. அங்குள்ள ஒரு வகைச் செல்கள் நேரே உள் பாலிடத்தை அடக்கும். அடக்குபவனை அடக்கினால் தலாமஸுக்கு விடுதலை, கை நகரும். மறைமுக வழி சுற்றிப் போகிறது. ஸ்ட்ரையேட்டத்தின் இன்னொரு வகைச் செல்கள் அதே குளோபஸ் பாலிடஸின் வெளிப்பக்கத்தை, அதாவது வெளிப் பாலிடத்தை, அடக்குகின்றன. வெளிப் பாலிடம் சப்தலாமிக் கரு என்ற சின்னக் கொத்தை அடக்கி வைத்திருந்தது, இப்போது அந்தக் கொத்து கட்டவிழ்ந்து உள் பாலிடத்தைத் தூண்டிவிடும். பிரேக் இன்னும் இறுகும்.

டொபமைன் என்பது செல்லுக்குச் செல் செய்தி கொண்டுபோகும் ஒரு வேதிப்பொருள். அது இரண்டு வழியிலும் விழுகிறது, விளைவுதான் எதிரெதிர். அதைப் பிடித்துக்கொள்ளும் இடம்தான் ஏற்பி. நேர்வழிச் செல்களில் இருப்பது டி1 ஏற்பி, அங்கே டொபமைன் ஊக்கம் தருகிறது. மறைமுக வழிச் செல்களில் இருப்பது டி2, அங்கே அது அமர்த்துகிறது. ஆக, இரண்டு பக்கமும் டொபமைன் செய்வது பிரேக்கைத் தளர்த்தும் வேலைதான். அதைச் சுரக்கும் சப்ஸ்டான்சியா நைக்ராவின் செல்கள் அழிந்தால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. தளர்த்தும் கை சோர்ந்துபோகிறது, இறுக்கும் கை கட்டுப்பாடில்லாமல் இறுக்குகிறது. தசை அப்படியே இருக்கிறது, நரம்பும் அப்படியே இருக்கிறது, கட்டளை கிளம்பும் புறணியும் இருக்கிறது. 1990இல் பெர்க்மன், விக்மன், டிலாங் மூவரும் டொபமைன் செல்கள் அழிக்கப்பட்ட குரங்குகளில் அந்தச் சப்தலாமிக் கருவைச் சேதப்படுத்தினார்கள். டொபமைன் திரும்பவில்லை, ஆனால் அசைவு திரும்பியது. இறுகிப்போன பிரேக்தான் காரணம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அதுதான்.

இது எனக்குப் புரிந்தது பாடப்புத்தகத்தில் அல்ல, அந்த மாத்திரையில். அம்மாவுக்கு லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மருந்து தொடங்கிய முதல் வாரம் வாந்தி வந்தது. அது அந்த மருந்தில் வழக்கம்தான். நான் கொழும்பில் வேலையில் இருந்தேன். தங்கை அம்மாவைப் பக்கத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட் கொடுத்தார்கள், நாளைக்கு மூன்று. வாந்தி நின்றது. நாலாம் நாள் அம்மாவால் கட்டிலில் புரள முடியவில்லை. "நோய் முத்திருச்சுண்ணே, வந்துருங்க" என்று தங்கை போனில் அழுதாள்.

நோய் முற்றவில்லை. மெட்டோகுளோபிரமைட் மூளைக்குள் போய் டி2 ஏற்பியை அடைக்கும் மருந்து. இருந்த கொஞ்ச நஞ்ச டொபமைனும், லெவோடோபாவிலிருந்து புதிதாக உண்டானதும், மறைமுக வழிச் செல்களை அமர்த்த முடியாமல் போனது. வெளிப் பாலிடம் அடங்கியது, சப்தலாமிக் கரு கட்டவிழ்ந்தது, உள் பாலிடம் தலாமஸை அமுக்கியது. மேலே நான் எழுதிய சங்கிலி முழுவதும் லயத்து அறையில் என் கண் முன்னால் கிடந்தது. கண்டி கிளினிக்கில் டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். பதிலுக்கு டொம்பெரிடோன் எழுதினார். அதுவும் டி2வைத்தான் அடைக்கும், ஆனால் மூளைக்குள் அவ்வளவாக நுழையாது. வாந்தியைத் தூண்டும் இடம் இரத்த-மூளைத் தடுப்புக்கு வெளியே இருப்பதால் அங்கே மட்டும் வேலை செய்யும். அதற்கும் இதயத் துடிப்புச் சிக்கல் உண்டு, கேட்காமல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் அம்மா தானே எழுந்து தேநீர் போட்டார்.

நான் டாக்டர் இல்லை, உங்கள் அப்பாவின் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லவில்லை. நேர்வழி போ என்கிறது, மறைமுக வழி நில் என்கிறது, இது சின்னப்பிள்ளை விளக்கம் என்று யாராவது வருவீர்கள், தெரியும். அசைவு தொடங்கும்போது இரண்டு வழிச் செல்களும் சேர்ந்தே இயங்குகின்றன என்று 2013இல் எலிகளில் காட்டினார்கள். மறைமுக வழி வேண்டாத அசைவுகளை அடக்கி வைக்க, நேர்வழி வேண்டியதை விடுவிக்கிறது என்று எடுத்துக்கொண்டால் அதுவும் பொருந்தும். நடுக்கத்தையும் இந்தப் படம் நன்றாக விளக்காது. ஆனால் கேட்டவர் கேட்டது மந்தத்தைப் பற்றி, அதற்கு இந்தப் படம் போதும்.

அப்பாவின் பழைய மருந்துச் சீட்டுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள், வாந்திக்கு, தலைசுற்றலுக்கு, தூக்கத்துக்கு என்று வெளியே வாங்கியதையும் சேர்த்து. எங்கே போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். அம்மாவின் உறை மேல் தங்கை சிவப்புப் பேனாவால் "மெட்டோகுளோபிரமைட் கொடுக்க வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறாள்.