பழைய கேமரா வாங்கும் முன் விற்பவருக்கு எழுதிய கடிதம்

கேள்வி: தென்காசியில் இருக்கிறேன். ஆன்லைனில் ஒரு பழைய கேமரா பார்த்தேன், விற்பவர் கொல்லம் பக்கம். மங்கலாக இரண்டு படம்தான் போட்டிருக்கிறார். கூடுதல் படமும், வாங்கிய பில்லும் கேட்டு எப்படி எழுதுவது? சந்தேகப்படுகிறேன் என்று கோபித்துக்கொள்வாரோ?

பதில்:

ஒரே தடவையில் கேட்டால் கோபப்பட மாட்டார். காலையில் ஒரு படம், மத்தியானம் ஒன்று, ராத்திரி பத்து மணிக்கு "பில் இருக்கா?" என்று கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். எது எது வேண்டும், எதற்கு வேண்டும், கிடைத்தால் என்றைக்குப் பணத்தோடு வருவேன் என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

நான் செங்கோட்டையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கமிருந்து பழைய சாமான் நிறைய வாங்கியிருக்கிறேன், ஏமாந்தும் இருக்கிறேன். ஒரு தடவை லென்ஸ் ஒன்றைப் படத்தை மட்டும் பார்த்துக் கொரியரில் வரவழைத்தேன். எல்லாப் படமும் முன்பக்கம் எடுத்தது, பளபளவென்று இருந்தது. வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால் உள் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. விற்றவர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை. ஆறு மாதம் மழை பெய்கிற ஊரில் பீரோவுக்குள் கிடந்த லென்ஸ் வேறு எப்படி இருக்கும்?

போன வருஷம் அக்கா மகனுக்காக புனலூர்க்காரர் ஒருவரிடம் நிக்கான் டி5600 பார்த்தபோது அந்தப் பாடத்தை வைத்துத்தான் எழுதினேன். அவர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. எங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் என்பதால் மலையாளம் எழுதத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அப்படி ஒருவர் மாற்றிக் கொடுத்தார். தமிழில் நான் எழுதியது இது:

"வணக்கம் சேட்டா. செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் டி5600 கேமராவை அக்கா மகனுக்கு வாங்க நினைக்கிறோம். நீங்கள் சொன்ன 24,000 ரூபாய் எங்களுக்குச் சரிதான். கீழே உள்ளவற்றைப் பார்த்துத் திருப்தியாக இருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை புனலூருக்கே வந்து பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். தூரம் அதிகம் என்பதால்தான் முன்கூட்டியே கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

முதலில், ஒரு தாளில் 'செங்கோட்டை' என்றும் இன்றைய தேதியும் பேனாவால் எழுதி, கேமரா பக்கத்தில் வைத்து ஒரு படம். அதே வெளிச்சத்தில் சீரியல் நம்பர் ஒட்டியிருக்கும் இடத்தைக் கிட்டத்தில் ஒரு படம், பெட்டி இருந்தால் பெட்டி மேல் உள்ள நம்பரும்.

அடுத்து லென்ஸ். பாடியிலிருந்து கழற்றி, பின்பக்கம் உள்ள சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால் உள்ளே திறக்கும். வீட்டில் ஒருவரைப் பின்னாலிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடிக்கச் சொல்லி, முன்பக்கமிருந்து ஒரு படம் வேண்டும்.

மூன்றாவது, இந்தக் கேமராவிலேயே எடுத்த ஒரு படம். A மோடில் f/16 வைத்து, மேகமில்லாத வானத்தைக் கொஞ்சம் ஃபோகஸ் தப்பும்படி எடுத்தால் போதும். அதை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக, எதுவும் எடிட் செய்யாமல் அனுப்புங்கள்.

கடைசியாக, வாங்கிய பில்லின் முழுப் படம். உங்கள் போன் நம்பரையும் வீட்டு முகவரியையும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். கடை பெயர், ஜி.எஸ்.டி. நம்பர், பில் நம்பர், தேதி, சீரியல் நம்பர், வரி விவரம் தெரிந்தால் போதும். ஆதார் எதுவும் வேண்டாம்.

இதில் ஏதாவது உங்களிடம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், பேசிக்கொள்ளலாம்."

தாளில் ஊர்ப் பெயரும் தேதியும் கேட்டதற்குக் காரணம், வேறு யாரோ போட்ட விளம்பரத்துப் படத்தைத் திருடிப் போடுகிறவர்கள் அதிகம். கேமரா கையில் இல்லாதவரால் அந்தப் படத்தை எடுக்க முடியாது. அதற்கு மட்டும் சாக்கு சொல்லிக்கொண்டே இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன் என்று சொல்லி, பில் கேட்டால் அடையாள அட்டையை அனுப்புகிறவர்களும் இந்த ரகம்தான். அட்டை யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

வானத்தை எடுத்த படம் இரண்டு வேலை செய்யும். சென்சாரில் தூசி இருந்தால் f/16-இல் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். நிக்கானில் இன்னொரு வசதி, எத்தனை தடவை ஷட்டர் அடித்திருக்கிறது என்பதும் சீரியல் நம்பரும் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கி, இந்தத் தகவலை எல்லாம் அழித்துவிடும், அதனால்தான் டாக்குமெண்ட். கணினியில் எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரல் இருந்தால் இப்படிப் பார்க்கலாம்:

```
exiftool -ShutterCount -SerialNumber -CreateDate DSC_0412.JPG
```

எங்களுக்கு 18,000-த்துச் சொச்சம் வந்தது. வீட்டு உபயோகம்தான், கல்யாண வீட்டுக் கேமரா இல்லை. எல்லாக் கம்பெனியும் இந்த எண்ணிக்கையைப் படத்தில் எழுதுவதில்லை. உங்களுடையது வேறு கம்பெனி என்றால் வராமல் போகலாம், அதை வைத்து விற்பவரைச் சந்தேகப்படாதீர்கள்.

அவர் அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். பில்லைப் பார்த்ததும்தான் அக்கா மகன் குதித்தான். "மாமா, இது போலி பில். கணக்கே உதைக்குது."

பில் 2020 அக்டோபர் தேதி, புனலூர்க் கடை. கேமரா விலை 36,500. மத்திய ஜி.எஸ்.டி. 9 சதவீதம் 3,285, மாநில ஜி.எஸ்.டி. 9 சதவீதம் 3,285. கூட்டினால் 43,070 வரவேண்டும். பில்லில் மொத்தம் 43,435 என்று இருந்தது. 365 ரூபாய் அதிகம். அதற்கு நேரே சின்ன எழுத்தில் KFC 1% என்று அடித்திருந்தது. "கோழிக்கடை பில்லுல கேமராவை எழுதிட்டான்" என்று சிரித்தான்.

எனக்கோ அந்த வரியைப் பார்த்ததும்தான் நம்பிக்கையே வந்தது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு Kerala Flood Cess என்று 1 சதவீதம் வெள்ள நிவாரண வரி போட்டது. 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை இருந்தது. கேரளாவுக்குள்ளேயே கடைக்காரர் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்கும்போது, 5 சதவீதத்துக்கு மேல் ஜி.எஸ்.டி. உள்ள பொருளுக்கு, வரி சேர்க்காத விலை மீது இது வரும். 36,500-க்கு 365, சரியாக இருக்கிறது. ஏதோ ஒரு மாதிரி பில்லை வைத்து இப்போது உட்கார்ந்து போலி செய்கிறவனுக்கு இது ஞாபகம் வராது.

அதற்காக, அந்த இரண்டு வருஷத்துக் கேரள பில்லில் இந்த வரி இல்லையென்றாலே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மொத்தமாக வரி கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் உள்ள சின்னக் கடைக்காரர் பில்லில் வரியே தனியாகக் காட்டமாட்டார். ஆன்லைனில் வேறு மாநிலத்திலிருந்து வந்த சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று ஒரே வரி இருக்கும், வெள்ள வரி வராது. புனலூர்க் கடையில் நேரில் வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு ஐ.ஜி.எஸ்.டி. போட்ட பில்லைக் காட்டினால்தான் கேள்வி கேட்கவேண்டும்.

ஜி.எஸ்.டி. நம்பர் 15 எழுத்து. முதல் இரண்டும் மாநிலம், கேரளாவுக்கு 32, நமக்கு 33, ஆந்திராவுக்கு 37. services.gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் நம்பரைப் போட்டால் கடையின் பெயரும் பதிவான தேதியும் வரும். பதிவு தேதி பில் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் ஆபத்து. பதிவு ரத்து என்று காட்டினால் பயம் வேண்டாம், கொரோனா சமயத்தில் மூடிய கடைகள் எத்தனையோ.

இவ்வளவு சரியாக இருந்தும் பில் வேறொரு கேமராவின் பில்லாக இருக்கலாம். அதனால் ஸ்டிக்கரில், படக் கோப்பில், பெட்டியில், பில்லில் என்று நான்கு இடத்திலும் சீரியல் நம்பரை வாய்விட்டு வாசித்து ஒப்பிட்டோம். பொருந்தியது.

லென்ஸ் படம்தான் கொஞ்சம் கவிழ்த்தது. ஓரத்தில் பஞ்சு நூல் மாதிரி கிளை விட்ட ஒரு கோடு. தூசி என்றால் புள்ளியாக இருக்கும், கிளை விட்டால் பூஞ்சை. அந்தப் படத்தில் வட்டம் போட்டு அவருக்கே அனுப்பினேன். "எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார், நம்புகிறேன். 24,000 என்றது 21,500-க்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை போய், பகல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தோம். அசல் பில்லை வாங்கி, பின்பக்கம் இன்ன தேதியில் இன்னாருக்கு விற்றேன் என்று சீரியல் நம்பரோடு எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்களிடமும் இதைத்தான் கேட்பார்கள்.

உங்கள் ஆள் பில் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம், நிஜமாகவே தொலைவதுண்டு. ஆன்லைனில் வாங்கியது என்றால் ஆர்டர் பக்கத்திலிருந்து பில்லை மறுபடி இறக்கலாம், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், பி.டி.எஃப். கேளுங்கள். கடையில் வாங்கியது என்றால் அவர் போன் நம்பரை வைத்துக் கடைக்காரர் பழைய பில்லை எடுத்துக் கொடுக்கக்கூடும். கடை முத்திரை குத்திய வாரண்டி கார்டு இருந்தாலும் பரவாயில்லை. பில், பெட்டி, கார்டு மூன்றுமே இல்லை, விலை மட்டும் பாதி என்றால் நான் வாங்க மாட்டேன். முன்பணம் அனுப்பினால் எடுத்து வைக்கிறேன் என்று சொன்னாலும் அப்படியே. அவர் கேட்பதற்கு முன்னால் "பொருளைப் பார்த்துத்தான் பணம்" என்று உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.