கூட்டத்தைத் தள்ளிவைக்கும் கடிதம்: வகுப்பாசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

பதிலளிப்பவர்: திருப்பூர் மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.

ஏழாம் வகுப்பு ஆசிரியை, திருப்பூர்: "வணக்கம் அம்மா. மழை விடுமுறையை ஈடுகட்ட நவம்பர் 8 சனிக்கிழமையை வேலை நாளாக்கிவிட்டார்கள். அன்று காலைதான் பெற்றோர் கூட்டம் வைத்திருந்தேன். 36 பிள்ளைகள். கடிதம் எப்படி எழுதுவது?"

எழுதுவதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் இரண்டு மூன்று நாள்களைக் கேட்டு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நீங்கள் குறித்த புதிய சனிக்கிழமையும் ஈடுசெய் வேலை நாளாகிவிட்டால் இரண்டாவது முறையும் கடிதம் அனுப்ப நேரிடும். அதன் பிறகு வரும் தேதியை எந்தப் பெற்றோரும் நம்பமாட்டார்.

அடுத்து நேரக் கணக்கு. ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிடம் என்று கொள்வோம். வியாழன் மாலை 5.30 முதல் 7 வரை ஒன்பது பேர், சனி காலை 9.30 முதல் 12.30 வரை பதினெட்டுப் பேர், ஞாயிறு காலை 10 முதல் 12.30 வரை பதினைந்து பேர் என மொத்தம் 42 இடங்கள் கிடைக்கின்றன. குடும்பங்கள் 36 என்பதால் ஆறு இடங்கள் மிஞ்சும். அவற்றை நிரப்பாமல் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வீதம் இடையில் விட்டுவையுங்கள். ஒரு தாய் அழ ஆரம்பித்தால் பத்து நிமிடம் இருபதாகும். அந்தத் தாமதத்தை வெளியே வரிசையில் நிற்பவர் மீது ஏற்றக் கூடாது.

நான் எழுதினால் கடிதம் இப்படி இருக்கும்:

> அன்புள்ள பெற்றோருக்கு,
>
> வணக்கம். நவம்பர் 8, சனிக்கிழமை காலை 10 மணிக்கு நடைபெறுவதாக இருந்த ஏழாம் வகுப்புப் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் அன்று நடைபெறாது. மழை விடுமுறைக்கு ஈடாக அன்று பள்ளி வேலை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளதே இதற்குக் காரணம். இதற்கென ஏற்கெனவே விடுப்புச் சொல்லியிருப்பவர்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்.
>
> கீழ்க்காணும் நாள்களில் தங்களுக்கு வசதியான ஒன்றில் பத்து நிமிடம் தனியாகச் சந்திக்கலாம்:
>
> நவம்பர் 13, வியாழன், மாலை 5.30 முதல் 7 வரை
> நவம்பர் 15, சனி, காலை 9.30 முதல் 12.30 வரை
> நவம்பர் 16, ஞாயிறு, காலை 10 முதல் 12.30 வரை
>
> முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் இரண்டையும் கீழுள்ள சீட்டில் குறித்துக் கையொப்பமிட்டு, நவம்பர் 10 திங்களுக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். தங்களுக்குரிய நேரத்தைச் செவ்வாய் அன்று நாட்குறிப்பில் எழுதி அனுப்புவேன். மூன்றுமே இயலாவிட்டால் சீட்டில் அதையும் எழுதுங்கள், தொலைபேசியில் பேசுகிறேன்.
>
> இப்படிக்கு,
> வகுப்பாசிரியர்

பழைய தேதியும் "நடைபெறாது" என்பதும் முதல் வாக்கியத்திலேயே இருப்பதைப் பாருங்கள். புதிய தேதிகளை மட்டும் எழுதினால், இது கூடுதலாக வைத்த கூட்டம் என்று எண்ணி எட்டாம் தேதியும் சிலர் வந்து நிற்பார்கள். எப்படி எழுதினாலும் ஓரிருவர் வரத்தான் செய்வார்கள் என்பதால், அன்று வாயிற்காவலரிடம் கடிதத்தின் ஒரு பிரதியைக் கொடுத்து வையுங்கள். கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள். புதன்கிழமை எழுதும் கடிதத்தில் "அடுத்த சனி" என்றால் ஒருவர் எட்டு என்பார், மற்றவர் பதினைந்து என்பார்.

மூத்த ஆசிரியர், ஈரோடு: "காரணமே எழுதக் கூடாது. எழுதினால் வாதத்துக்கு வருவார்கள். 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்பதே போதும் என்பது என் அனுபவம்."

தங்கள் கருத்தில் பாதியை ஏற்கிறேன். ஆசிரியரின் உடல்நலமோ குடும்பத்துத் துயரமோ காரணமாக இருந்தால் அதைப் பெற்றோரிடம் விளக்க வேண்டியதில்லை. "என் சொந்தக் காரணத்தால்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் காரணம் பள்ளியைச் சார்ந்ததாக இருக்கும்போது மறைத்தால், ஆசிரியர் மாறுதலாகிப் போகிறார் என்றும் வகுப்பில் ஏதோ பிரச்சினை என்றும் மாலைக்குள் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் கதை கிளம்பிவிடும். ஒரு வரி எழுதுங்கள், இரண்டாவது வரி வேண்டாம். வாதத்துக்கு வருபவர்கள் நீண்ட விளக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

ஒரு தந்தை, அவிநாசி: "என் மகன் காலாண்டில் கணக்கில் 31தான் எடுத்திருக்கிறான். கூட்டம் தள்ளிப் போனால் டியூஷன் சேர்ப்பதும் தள்ளிப் போகுமே, இப்போதே சேர்த்துவிடவா?"

டியூஷன் பற்றி வகுப்பாசிரியரிடம் கேட்பதே முறை. மதிப்பெண்ணை மட்டும் வைத்து நான் சொல்ல இயலாது. விடைத்தாளைக் கேட்டுப் பாருங்கள்: கூட்டல் கழித்தலில் போனதா, கேள்வி புரியாமல் போனதா என்பது அதில் தெரியும். அதற்குக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் தங்கள் கேள்வி ஆசிரியர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறது. கூட்டத்தில் தருவதாக இருந்த முன்னேற்ற அறிக்கை எப்போது கைக்கு வரும் என்பதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்ப்பது நல்லது. மேலே உள்ள மாதிரியில் அது இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் பள்ளி ஆசிரியர், கோவை: "சீட்டெல்லாம் எதற்கு? வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடாதா?"

அறிவிப்பதற்குக் குழு நல்லது, நேரம் ஒதுக்குவதற்கு அல்ல. முதலில் பார்ப்பவர்கள் எல்லோரும் சனி காலையை அழுத்திவிடுவார்கள். இரவு கைப்பேசியை எடுக்கும் தொழிலாளிக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கு வியாழன் மாலை என்பது வெறும் ஏட்டில் உள்ள வாய்ப்பு. சீட்டுகள் எல்லாம் வந்த பிறகு, வேறு நாளில் வரவே முடியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையை முதலில் ஒதுக்குங்கள். மற்றவர்களை மிச்சமுள்ள இடங்களில் நிரப்புங்கள். உடன்பிறந்த பிள்ளைகள் வேறு வகுப்பில் இருந்தால் அந்த ஆசிரியருடன் பேசி அடுத்தடுத்த நேரமாகக் கொடுத்தால் குடும்பம் ஒரே நடையில் முடித்துக்கொள்ளும்.

அதே ஏழாம் வகுப்பு ஆசிரியை: "ஞாயிறு வரச் சொன்னால் சக ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஒருவர் வந்தால் எல்லோரும் வர வேண்டியிருக்கும் என்கிறார்கள்."

அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. நான் பொறுப்பில் இருந்தபோது ஞாயிறு வந்தவர்களுக்கு வேறு நாளில் அரை நாள் தளர்வு கொடுத்துச் சமாளித்தேன். எல்லாத் தலைமை ஆசிரியர்களும் அதற்கு இசைய மாட்டார்கள். ஞாயிறு கிடைக்காவிட்டால், வர இயலாதவர்களுக்கு அன்று தொலைபேசி நேரமாவது ஒதுக்குங்கள். நேரில் சந்திப்பதற்கு அது ஈடாகுமா என்றால், என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியை, பல்லடம்: "என் வகுப்பில் பீகார், ஒடிசா குடும்பங்கள் இருக்கின்றன. தமிழ்க் கடிதத்தைப் படிக்க ஆளில்லை. பிள்ளைகளே படித்துச் சொல்கிறார்கள்."

தேதியைச் சொல்லும் அளவுக்குப் பிள்ளையை நம்பலாம். இருந்தாலும் அதே கடிதத்தை இந்தியிலும் ஒடியாவிலும் பேசத் தெரிந்த பெற்றோர் ஒருவரைக் கொண்டு ஒரு நிமிடக் குரல் பதிவாக அனுப்பினால் சந்தேகம் இராது. சீட்டில் கிழமைகளுக்கு எதிரே கட்டம் போட்டுவிடுங்கள். எழுதத் தெரியாதவரும் 1, 2 என்று குறித்துவிடுவார்.

சந்திப்பு நாளன்று மட்டும் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். "வீட்டுப்பாடம் செய்வதே இல்லை" என்று ஆசிரியை சொன்னதை, "நன்றாகப் படிக்கிறானாம்" என்று ஒரு சிறுவன் தன் தாயிடம் இந்தியில் சொல்ல, அவர் மகிழ்ந்து கைகூப்பிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். மொழி தெரிந்த பெற்றோர் எந்த நாளில் வருகிறாரோ அந்த நாளையே அக்குடும்பங்களுக்கும் ஒதுக்குங்கள். ஆனால் ஒரு பிள்ளையின் குறையை இன்னொரு வீட்டார் முன் பேச வேண்டியிருக்குமே, அதற்கு அந்தத் தாயின் சம்மதத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.