போன இன்டர்ன் கடைசி வாரத்தில் என்ன செய்தார்?

உங்கள் கையில் இரண்டு இன்டர்ன்ஷிப் வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, பெயர் சொன்னாலே எல்லோருக்கும் தெரிகிற நிறுவனம், நான்கு வாரம். இன்னொன்று, வெளியே யாரும் கேள்விப்படாத ஒரு சின்ன டேட்டா குழு, எட்டு வாரம். ரெஸ்யூமேக்கு எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். டேட்டா சயின்ஸ் உங்களுக்கு ஒத்துவருமா என்பதே இன்னும் தெரியாத நிலையில், அதைத் தெரிந்துகொள்ள எந்த இடம் உதவும் என்று பாருங்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இதற்கு முன் இருந்த இன்டர்ன் கடைசி வாரத்தில் என்ன வேலை செய்தார், அதை யார் திருத்தினார்?" பல பிரிவுகளைப் பார்த்தார், பிரசென்டேஷன் கொடுத்தார் என்று பதில் வந்தால், அது சுற்றிப் பார்ப்பதுதான். இன்ன அட்டவணையைச் சரிசெய்தார், இன்னார் தினமும் பார்த்துத் திருத்தினார் என்று சொன்னால் அங்கே வேலை இருக்கிறது.

வகுப்பில் உங்களுக்குத் தருகிற டேட்டா பெரும்பாலும் ஏற்கெனவே சுத்தம் செய்யப்பட்டது. அதனால் மாடல் உருவாக்குவதுதான் இந்தத் துறை என்று தோன்றிவிடும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவி ஒருவருக்கு மூன்றாவது வாரத்தில் ஒரு விற்பனை அட்டவணை வந்தது. ஒரு மாதத்தின் மொத்தம் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காட்டியது. இரண்டு நாள் தேடினார். மாதவாரியாக வைத்திருந்த வாடிக்கையாளர் பட்டியலில் அந்த மாதத்தின் எண்கள் மட்டும் பெரும்பாலும் இரண்டு முறை பதிவாகியிருந்தன. மாதத்தையும் எண்ணையும் வைத்து இரண்டு அட்டவணைகளையும் இணைத்தபோது அந்த மாத விற்பனைகள் பெரும்பாலும் இரண்டிரண்டு வரியாகிவிட்டன. எட்டு வாரத்தில் அவர் மாடல் பக்கம் போனது சில நாட்கள்தான். மற்றதெல்லாம் இப்படித்தான். "அந்த இரண்டு நாளும் எப்படிப் போச்சுன்னே தெரியல" என்றார். இதே வேலை இன்னொருவருக்குத் தலைவலியாக இருந்திருக்கும். அப்படியிருந்தால் அதையும் படிப்பு முடியும் முன்பே தெரிந்துகொள்வது பெரிய லாபம்.

தினமும் மாலையில் இரண்டு மூன்று வரி எழுதி வையுங்கள்: இன்று என்ன செய்தேன், சிக்கியபோது இன்னும் தோண்டத் தோன்றியதா, யாரிடமாவது தள்ளிவிடத் தோன்றியதா. முதல் இரண்டு வாரக் குறிப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். கருவிகள் பழகாததால் வருகிற எரிச்சல் அது. மேலாளர் கடுகடுப்பானவர் என்றால் அதைத் தனியாகக் குறியுங்கள். ஆள் பிடிக்காததை வேலை பிடிக்காததாக எடுத்துக்கொண்டு துறையையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

நான்கு வாரம் இதற்குப் போதாது, வேலை பிடிபடும்போது கிளம்ப வேண்டியிருக்கும். சின்னக் குழுவின் பதில் தெளிவாக இருந்தால் அங்கேயே போங்கள். போனபின் ஒருநாள், ஐந்தாறு வருடம் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். இன்டர்னுக்குக் கிடைப்பது துண்டு வேலை. நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவது அவர் காலையிலிருந்து மாலை வரை செய்கிற வேலையை.