ராத்திரி ரூமில் சத்தமில்லாமல் ஆட எந்த கேம்?

கேள்வி: "காலேஜ் ஹாஸ்டலில் மூணு பேருக்கு ஒரே ரூம். பதினோரு மணிக்கு மேல்தான் எனக்கு நேரம் கிடைக்கிறது. புளூடூத் இயர்பட்ஸ் போட்டு ஆடினேன். நடுவில் சார்ஜ் தீர்ந்து ஸ்பீக்கர் அலறி, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சவுண்டை ஆஃப் பண்ணினால் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். சத்தமே இல்லாமல் முழுசாக ஆட முடிகிற கேம் எது? ஆண்ட்ராய்டு போன், ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. பெரிதாகச் செலவு செய்ய முடியாது."

முதலில் போனைச் சரிசெய்துவிடுவோம். சைலண்டில் போட்டால் ரிங்கும் மெசேஜ் சத்தமும்தான் அடங்கும். கேமின் சத்தம் மீடியா வால்யூமில் வருகிறது, அதைத் தனியாகக் குறைக்க வேண்டும். இயர்பட்ஸுக்கு ஒரு அளவு, ஸ்பீக்கருக்கு ஒரு அளவு என்று ஆண்ட்ராய்டு தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். இயர்பட்ஸ் துண்டித்துக்கொண்டால் பாட்டு ஆப் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். கேம் நிற்க வேண்டுமென்றால் அதை எழுதியவர் அதற்கென்று ஏற்பாடு செய்திருக்க வேண்டும், நிறையப் பேர் செய்வதில்லை. அதனால் இயர்பட்ஸை இணைப்பதற்கு முன்பே மீடியா வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அப்புறம் சார்ஜ் தீர்ந்தாலும் ஸ்பீக்கர் வாய் திறக்காது.

இப்போது நீங்கள் ஏன் தோற்கிறீர்கள் என்று பார்க்கலாம். ஆபத்து திரைக்கு வெளியிலிருந்து வருகிற கேமில், அதைச் சொல்லும் ஒரே வழி பெரும்பாலும் காதுதான். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மாதிரி சுடுகிற கேம்களில் பின்னால் வருகிறவனின் காலடி கேட்டால்தான் திரும்ப முடியும். மினிமேப்பில் அடையாளம் வருமே என்பீர்கள். எதிராளி காதில் கேட்டுத் திரும்புகிற நேரத்தில் நீங்கள் குறியை விட்டு மூலையில் இருக்கும் சின்னப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ராத்திரிக்கு அந்த வகை வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்துவது முறைவைத்து ஆடும் கேம்கள். நீங்கள் ஒரு அடி வைத்தால்தான் எதிரி ஒரு அடி வைப்பான். ஸ்லே த ஸ்பயர் என்ற சீட்டுக் கேமை எடுத்துக்கொள்வோம். முதல் சண்டைகளில் வரும் ஜா வார்ம் என்ற பிராணியின் தலைக்கு மேல் ஒரு வாள் படமும் 11 என்ற எண்ணும் தெரியும். அடுத்து 11 அளவுக்கு அடிக்கப் போகிறது என்று அர்த்தம். உங்கள் கையில் ஐந்து சீட்டு, செலவழிக்க மூன்று சக்தி. தடுக்கும் சீட்டு ஒன்றுக்கு ஒரு சக்தி போகும், 5 அடியைத் தாங்கும். அடிக்கும் சீட்டுக்கும் ஒரு சக்திதான், 6 அடி கொடுக்கும். இரண்டு தடுப்பு, ஒரு அடி என்று போட்டால் 10 தடுபட்டு 1 மட்டும் உங்கள் மேல் விழும், எதிரிக்கு 6 குறையும். எதைப் போடலாம் என்று பத்து நிமிடம் யோசித்தாலும் அது காத்திருக்கும். முடிவெடுக்கத் தேவையான எல்லாமே எழுத்தாகவும் எண்ணாகவும் திரையில் இருப்பதால் சத்தம் வெறும் அலங்காரம்தான்.

அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. இலவசமாக வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டில் "Shattered Pixel Dungeon" என்று தேடுங்கள். பாதாளக் குகையில் இறங்கும் கேம், இதுவும் முறைவைத்துத்தான். நடப்பதெல்லாம் கீழே வரிவரியாக எழுத்தில் வரும், பாதியில் மூடினாலும் அதே இடத்தில் தொடரலாம். விளம்பரம் கிடையாது, நெட் தேவையில்லை. தூங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் போதும் என்றால் "Simon Tatham's Puzzles". நிறைய புதிர்கள் ஒரே ஆப்பில், அதிலும் விளம்பரம் இல்லை. அதில் உள்ள மைன்ஸ், குருட்டாம்போக்கில் ஊகிக்கத் தேவையில்லாதபடி பலகையை அமைத்துக் கொடுக்கும். செஸ் பிடிக்கும் என்றால் லிச்செஸ், அதுவும் முழு இலவசம்.

விளம்பரம் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேமின் செட்டிங்ஸில் சவுண்டை அணைத்தால் கேமின் சத்தம்தான் நிற்கும். நடுவில் ஓடும் வீடியோ விளம்பரம் வேறு இடத்திலிருந்து, தன் சொந்தச் சத்தத்தோடு வருகிறது. ஸ்டோரில் இலவசம் என்று முன்னால் வந்து நிற்கும் கேம்களில் பெரும்பாலானவை இப்படித்தான். நெட் தேவைப்படாத கேம் என்றால் ஃபிளைட் மோடில் போட்டு ஆடுங்கள், பெரும்பாலும் விளம்பரம் வராது.

இதில் எனக்கு ஆத்திரம் வருவது ஸ்டோர்காரர்கள் மேல். விளம்பரம் உண்டா, உள்ளே காசு கேட்குமா, எந்த வயதுக்கு என்றெல்லாம் எழுதுகிறார்கள். சத்தமில்லாமல் ஆட முடியுமா என்று ஒரு வரி பிளே ஸ்டோரில் இல்லை. காது கேளாத ஆட்டக்காரர்கள் எத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்! அவர்கள் தங்களுக்குள் எழுதிவைத்த விமர்சனங்கள்தான் உங்களுக்கும் வழி. கேமின் பெயரோடு "deaf accessibility" என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

இன்னொரு ஆளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ராத்திரி சத்தமில்லாமல் ஆட நல்ல கேம் என்று கேட்டால், ஹாஸ்டலில் யாராவது ஒரு சீனியர் ரம்மி ஆப்பையும் ஒரு ரெஃபரல் கோடையும் நீட்டுவார். நீங்கள் சேர்ந்தால் அவருக்குக் கமிஷன். காசு வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை என்று தமிழ்நாட்டில் 2025-இல் விதி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு அந்த வகையையே தடை செய்து சட்டம் போட்டது. இன்னும் அழைக்கிற ஆப் எதுவோ அது சட்டத்துக்கு வெளியே நடக்கிறது, உள்ளே போட்ட காசு போனால் கேட்க ஆள் கிடையாது. காசு கேமை இலவசமாகத் தருகிறேன் என்று டெலிகிராமில் வரும் மாட் ஏபிகேயும் வேண்டாம். ஒரு சீட்டுக் கேம் எஸ்எம்எஸ் படிக்கவும் அக்ஸஸிபிலிட்டிக்கும் அனுமதி கேட்டால், அது உங்கள் வங்கி ஓடிபிக்கு வழி தேடுகிறது.

சரி, லேப்டாப். அதில் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு இருந்தால், சத்தத்தை நம்பிய கேமாக இருந்தும் அதை ஆடலாம். அங்கே க்ரீப்பர் என்ற ஜந்து பின்னால் பூனை மாதிரி வந்து, சீறிவிட்டு, ஒன்றரை நொடியில் வெடிக்கும். அந்தச் சீறல் கேட்காவிட்டால் கட்டிய வீடு போச்சு. Options-க்குள் Accessibility Settings போய் Show Subtitles என்பதை ஆன் செய்யுங்கள். இனி எந்தச் சத்தம் வந்தாலும் திரையின் வலது கீழ் மூலையில் எழுத்தாக வரும். Creeper hisses என்று வந்து பக்கத்தில் > இருந்தால் வலப்பக்கம், < இருந்தால் இடப்பக்கம். அம்பே இல்லையென்றால் அது உங்களுக்கு நேர் முன்னால் இருக்கிறது. முதலில் சில ராத்திரிகள் கண் அந்த மூலைக்குப் போக மறுக்கும். வெளியே சுற்றாமல் சுரங்கத்துக்குள்ளேயே கொஞ்ச நாள் பழகுங்கள்; Zombie groans என்று வரும்போது ஒரு கல்லை வைத்து வழியை அடைத்துவிட்டு, அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். போனில் ஆடும் பதிப்பு வேறு, அதை நினைத்து நான் இதைச் சொல்லவில்லை.

போனின் வைப்ரேஷனையும் அணைத்துவிடுங்கள். இரும்புக் கட்டிலில் வைத்த போன் அதிர்ந்தால் ஸ்பீக்கரைவிட மோசம்.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் பிளே ஸ்டோரிலேயே வாங்கி, அன்று ராத்திரியே வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். என்ன நடந்தது என்று தெரியாமலே இரண்டு தடவை செத்தால் அது உங்களுக்கான கேம் இல்லை. வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் ரீஃபண்ட் கேட்கலாம்.