120 சொல்லில் ‘காக்கா முட்டை’: திரை விமர்சனம் எழுதும் பயிற்சி குறித்த கேள்வி பதில்

பயிற்சி இதுதான்: பதின்ம வயதினர் படிக்கும் இதழுக்கு, நீங்கள் பார்த்த ஒரு படத்தைப் பற்றி 90 முதல் 120 சொற்களில் விமர்சனம் எழுதுக, கதை எதைப் பற்றியது, உங்களுக்குப் பிடித்ததும் பிடிக்காததும் எவை, யார் பார்க்கலாம் என்பவை இடம்பெற வேண்டும். பதிலளிப்பவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, மார்த்தாண்டம்: டீச்சர், ‘காக்கா முட்டை’ பற்றி எழுதினேன். கதையைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே முக்கால் பங்கு சொற்கள் தீர்ந்துவிட்டன. எதை வெட்டுவது?

நீ அனுப்பியிருந்த வரைவைப் படித்தேன் மக்களே. அப்பா சிறையில் இருப்பது, அம்மா படும் பாடு, கடை வாசலில் விழும் அடி, அது தொலைக்காட்சி வரை போவது என்று படம் ஓடுகிற வரிசையிலேயே நீயும் ஓடியிருக்கிறாய். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சோதனை வை: இதை எடுத்துவிட்டால், பின்னால் நான் சொல்லப்போகும் கருத்து வாசகருக்குப் புரியாமல் போகுமா? புரியும் என்றால் அந்த வாக்கியம் வேண்டாம்.

இந்தப் படத்தில் வாசகருக்குத் தெரிய வேண்டியவை இரண்டே: சிறுவர்களுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் அண்ணனும் தம்பியும், தாங்கள் விளையாடிய இடத்தில் எழுந்த கடையில் பீட்சா தின்ன ஆசைப்படுகிறார்கள். கையில் காசில்லை, உள்ளே விடவும் ஆளில்லை. இவ்வளவோடு கதையை நிறுத்திவிடு. மூன்றில் ஒரு பங்கு இடமே இதற்குப் போதும். அப்பா சிறையில் இருப்பதை அம்மாவின் பாத்திரத்தைப் பற்றி எழுத நினைத்தால் மட்டும் சேர்த்துக்கொள்.

திரைப்பட ஆர்வலர், தக்கலை: விமர்சனம் என்றால் இயக்கம், ஒளிப்பதிவு, இசை, படத்தொகுப்பு, பெற்ற விருதுகள் எல்லாம் வர வேண்டும் அம்மா. இவை இல்லாமல் எழுதினால் அது வெறும் அபிப்பிராயம்தானே?

பாதி சரி ஐயா. யார் இயக்கியது, எந்த ஆண்டு வந்தது என்பவை இல்லாவிட்டால் வாசகரால் படத்தைத் தேடிப் பிடிக்கவே முடியாது. மற்றத் துறைகளுக்கு ஆளுக்கொரு வாக்கியம் என்று பங்கு வைத்தால், ‘இசை அருமை, ஒளிப்பதிவு அற்புதம்’ என்று எந்தப் படத்துக்கும் பொருந்துகிற சொற்கள்தான் வந்து விழும். இயக்குநர் மணிகண்டன் தாமே ஒளிப்பதிவும் செய்தார் என்பதை எழுதலாம். ஆனால் அதனால் படத்தில் எது உங்கள் கண்ணில் பட்டது என்பதையும் சேர்த்து எழுத முடிந்தால்தான் அதற்கு இடம் தர வேண்டும்.

விருதுகள் விஷயத்தில் நான் இன்னும் கறார். சிறந்த குழந்தைகள் படம் என்ற தேசிய விருது இதற்குக் கிடைத்தது. நடித்த ரமேஷுக்கும் விக்னேஷுக்கும் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. அவை நடுவர்கள் சொன்ன தீர்ப்புகள். இங்கே கேட்கப்படுவது எழுதுகிறவரின் தீர்ப்பு.

பதினோராம் வகுப்பு மாணவன், குளச்சல்: எப்படி எழுத வேண்டும் என்று கேட்டால் தலை சுற்றுகிறது. முழு மாதிரி ஒன்று தர முடியுமா?

தருகிறேன்.

> பீட்சாவும் பாட்டியும்
>
> உங்கள் தெருவிலேயே ஒரு கடை திறந்து, உங்களை மட்டும் உள்ளே விடாவிட்டால் என்ன செய்வீர்கள்? எம். மணிகண்டன் இயக்கி 2015இல் வெளிவந்த ‘காக்கா முட்டை’, சென்னைக் குடிசைப் பகுதியைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவரை அந்த நிலையில்தான் நிறுத்துகிறது. தண்டவாளத்தோரம் கரி பொறுக்கி விற்கும் அவர்கள், தாங்கள் விளையாடிய இடத்தில் முளைத்த கடையில் ஒரு பீட்சா தின்னக் காசு சேர்க்கிறார்கள்.
>
> எனக்கு மிகவும் பிடித்தது, பேரன்களின் ஆசைக்காகப் பாட்டி தோசைமாவில் பீட்சா சுட்டுத் தரும் காட்சி. அவர்கள் அதை ஒதுக்கும்போது சிரித்தேன். உடனே பாட்டியை நினைத்து வருந்தவும் செய்தேன். இரண்டு சிறுவர்களும் நடிப்பதாகவே தெரியவில்லை. பிற்பகுதியில் அரசியல்வாதிகளும் தொலைக்காட்சிகளும் நுழைந்ததும் சிறுவர்கள் பின்னுக்குப் போய்விடுவது எனக்குக் குறையாகப் பட்டது.
>
> அடிதடியை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். தம்பி தங்கையோடு உட்கார்ந்து பார்க்கப் படம் தேடுகிறீர்களா? இதைப் பாருங்கள்.

இதில் நடுப்பத்தியை மட்டும் கொஞ்சம் நின்று கவனி. ‘நெகிழ்ச்சியான படம்’ என்று எழுதியிருந்தால் இரண்டே சொல்லில் முடிந்திருக்கும். வாசகர் நம்பியிருக்கவும் மாட்டார். ஒரே ஒரு காட்சியைக் காட்டி, அது தன்னை என்ன செய்தது என்று சொன்னதால், நெகிழ்ச்சி என்ற சொல்லே தேவைப்படவில்லை. குறையும் அப்படித்தான்: ‘இரண்டாம் பாதி தொய்வு’ என்று மட்டும் எழுதுகிறவர் எதனால் என்று சொல்வதில்லை, இங்கே காரணம் இருக்கிறது. வாசகரை ‘நீங்கள்’ என்று அழைப்பது முதல் வரியிலும் கடைசி வரியிலும் மட்டும் வருகிறது; பத்திக்குப் பத்தி வந்திருந்தால் விளம்பரம் போலாகிவிடும்.

ஒரு தந்தை, குலசேகரம்: என் மகன் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் எட்டு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறான். அதற்கு நானே விமர்சனம் எழுதி அனுப்பலாமா?

கேட்கப்பட்டது குறும்படத்தின் விமர்சனம் அன்று ஐயா, படத்தைப் பற்றிய குறுகிய விமர்சனம். குறும்படத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றில்லை; ஆனால் வாசகர் அதை எங்கே பார்ப்பது என்று சொல்ல முடிய வேண்டும். பிள்ளையின் படத்தில் குறை ஒன்றை எழுதத் தகப்பனாருக்கு மனம் வருமா என்பதையும் யோசியுங்கள். தம்பியை வேறொருவர் படத்துக்கு எழுதச் சொல்லுங்கள்.

குளச்சல் மாணவன், மீண்டும்: நான் கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் ஃபார் ஸ்கூல்ஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறேன். மாதிரியை ஆங்கிலத்தில் மாற்றி மனப்பாடம் செய்துகொள்ளலாமா?

செய்யாதே தம்பி. அந்தத் தாளில் ஒரு பதிலுக்கு 140 முதல் 190 சொற்கள். நம் மொழியில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்வதால், இதே செய்தி ஆங்கிலத்தில் போனாலே சொல்லெண்ணிக்கை கூடிவிடும். ஆகவே அளவு பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் வினாவில் இருக்கிறது. ‘உன்னை மிகவும் சிரிக்க வைத்த படம்’ என்றோ, ‘மறக்க முடியாத கதாபாத்திரம் உள்ள படம்’ என்றோ கேட்டால், மனப்பாடப் பதிலில் நல்ல மொழி இருந்தும் கேட்டது இருக்காது. உள்ளடக்கம், வாசகருக்கும் எழுத்து வகைக்கும் பொருந்தும் நடை, அமைப்பு, மொழி என்று நான்கு தலைப்புகளில் மதிப்பிடுவதால், முதல் தலைப்பிலேயே அடி விழும். படத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்: சிரிக்க வைத்த படம் என்றால் பாட்டியின் பீட்சாவை முன்னால் கொண்டுவா, கதாபாத்திரம் என்றால் பாட்டியையே நடுவில் வை. தோசை என்றால் என்ன என்று தெரியாதவர் திருத்தக்கூடும் என்பதால் அதற்கு அரை வாக்கியம் விளக்கமும் வேண்டும்.

கல்லூரி மாணவி, கருங்கல்: கடைசியில் பீட்சாவைத் தின்றுவிட்டு, பாட்டியின் தோசையே தேவலை என்று சிறுவர்கள் நினைப்பதுதானே படத்தின் உயிர்? மாதிரியில் அதை மறைத்தது எனக்கு உடன்பாடில்லை.

நீங்கள் இங்கே போட்டு உடைத்துவிட்டீர்களே! உங்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த முடிவு தெரிந்தால்தான் பாட்டியின் காட்சிக்கு முழுக் கனமும் கிடைக்கிறது. 2015இல் வந்த படம் என்பதால் பலரும் பார்த்திருப்பார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் அது வந்தபோது இந்த இதழின் வாசகர்களில் பலர் சிறு குழந்தைகள். அவர்களுக்கு அது புதுப் படம்தான். பாட்டியின் காட்சியை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டால், முடிவைப் பார்க்கும்போது வாசகரே அதை நினைத்துக்கொள்வார் என்று நான் கணக்குப் போட்டேன். முடிவைச் சொல்ல இடம் கொடுக்கும் இதழாசிரியர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு எழுதுவதானால், முதல் பத்தியிலேயே ‘முடிவும் இதில் வருகிறது’ என்று எச்சரித்துவிட்டு உங்கள் விருப்பப்படி எழுதுங்கள்.