கார் ஏ.சி. கிளட்ச் இழுக்கவில்லையா? கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, ஏ.சி. பட்டன் லைட் எரியுது, கம்ப்ரசர்ல 'டக்' சத்தமே இல்ல. கேஸ் போயிருச்சுங்கறாங்க.

கேஸுக்குக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஃபியூஸைப் பாருங்க தம்பி. சாவியைத் திருப்பி ஏ.சி.யைப் போட்டுட்டு, ஃபியூஸ் தலையில தெரியற ரெண்டு உலோகப் புள்ளியிலயும் மீட்டர் வைங்க. ரெண்டுலயும் 12 வோல்ட் வரணும். ஒண்ணுல மட்டும் வந்தா எரிஞ்சிருக்கு. புதுசும் உடனே எரிஞ்சா பெரிய ஃபியூஸ் மாட்டாதீங்க, ஒயர்தான் வேகும். கம்ப்ரசரை இன்ஜினோட சேர்த்து ஓட வைக்கறது கிளட்ச், அது ஒட்டற சத்தம்தான் அந்த 'டக்'. அதோட சாக்கெட்டைக் கழட்டி காயிலை அளங்க. பெரும்பாலும் 3லிருந்து 5 ஓம் இருக்கும். ஒரு ஓமுக்கும் கீழேன்னா காயில் ஷார்ட்.

மேலூரிலிருந்து: ரிலே 'டிக்'னு அடிக்குது. அப்ப ரிலே நல்லாத்தானே இருக்கு?

பாதி சரி. ரிலேக்கு உத்தரவு வந்து சேருதுன்னு மட்டும்தான் அந்தச் சத்தம் சொல்லும். உள்ள காண்டாக்ட் கருகியிருந்தாலும் அடிக்கும். அதே நம்பர் ஹாரன் ரிலே இருந்தா மாத்திப் பாருங்க. பலன் இல்லைன்னா இன்ஜினை நிறுத்திட்டு, ரிலேயைப் பிடுங்கிட்டு, 10 ஆம்பியர் ஃபியூஸ் வெச்ச ஒயரால ரிலேயோட 30, 87 நம்பர் கால்கள் நுழையற துளைகளை ரெண்டு நொடி சேருங்க. கிளட்ச் 'டக்'னு ஒட்டினா அங்கிருந்து கிளட்ச் வரைக்கும் சரி. ஒட்டலைன்னா 30ல 12 வோல்ட் இருக்கான்னு பார்த்துட்டு ஒயர், காயில், எர்த் பக்கம் போங்க.

உசிலம்பட்டியிலிருந்து: பிரஷர் சுவிட்சை நேரா சேர்த்தா கம்ப்ரசர் ஓடும்ங்கறார் மெக்கானிக். நிழல்ல ஒரு மணி நேரம் நின்ன வண்டி, கேஜ்ல 30 பிஎஸ்ஐ காட்டுது.

சேர்க்காதீங்க சார். 35 டிகிரி வெயில்ல, நின்ன வண்டியில R134a கேஸ் ரெண்டு பக்கமும் 115 பிஎஸ்ஐ கிட்ட காட்டணும். 30ன்னா கேஸ் கசிஞ்சிருக்கு, சுவிட்ச் தன் வேலையைத்தான் செய்யுது. கம்ப்ரசருக்கு எண்ணெயைச் சுமந்துட்டு வர்றதே அந்தக் கேஸ். அது இல்லாம ஓட்டினா கம்ப்ரசர் இறுகிரும். கசிவை அடைச்சு, வாக்குவம் போட்டுட்டுத்தான் கேஸ். 115 வந்தாலும் அளவு முழுசா இருக்குன்னு அர்த்தம் இல்ல. உள்ள கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே அவ்வளவு காட்டும்.

கேஸ் சரியா இருந்து சுவிட்ச் மேல சந்தேகம்னா, ரெண்டு ஒயர் சுவிட்சை மட்டும் சில நொடி சேர்த்துப் பார்க்கலாம். மூணு ஒயர்னா அது பெரும்பாலும் சென்சார், சேர்த்தா கம்ப்யூட்டருக்குக் கேடு.

வாடிப்பட்டியிலிருந்து: எங்க வண்டியில காத்தே வரல. இதுவும் கிளட்ச்தானா?

இல்லம்மா, அது புளோயர். அதோட ஃபியூஸ் தனி. பல வண்டியில புளோயர் ஓடாட்டி கிளட்சும் ஒட்டாது, அதனால அதை முதல்ல முடிங்க.

கோரிப்பாளையத்திலிருந்து: காலையில நல்லா ஓடுது. மத்தியானம் சிக்னல்ல நின்னா கட் ஆகுது. அந்த நேரத்துல கிளட்ச் ஒயர்ல 10.5 வோல்ட் இருக்கு.

ஒயர்ல வோல்ட்டே இல்லைன்னா கண்டென்சர் ஃபேன் நின்னு பிரஷர் ஏறி சுவிட்ச் வெட்டுதுன்னு சொல்லிருவேன். உங்களுக்கு வோல்ட் வருது, ஆனா குறைவு. இன்ஜின் ஓடறப்ப 13.5க்கு மேல வரணும். சூட்டுல காயிலோட ஓம் ஏறி இழுப்பு குறையும். அதோட தட்டு தேஞ்சு இடைவெளி கூடியிருந்தா ஒட்டவே ஒட்டாது. பல கம்ப்ரசர்ல அது அரை மில்லிமீட்டர் அளவுதான். 3 வோல்ட் ரிலேயில விழுதா, எர்த்துல விழுதா, இல்ல பேட்டரியிலயே குறைஞ்சிருச்சான்னு இங்கிருந்து சொல்ல முடியாது. கட் ஆன நிமிஷத்துல பேட்டரி, ரிலே 87, எர்த் மூணையும் அளந்து எழுதுங்க.