சிக்னல் போய் வந்தால் சாட் செய்திகள் குழம்புவது ஏன்?

கேள்வி: கடலூர் துறைமுகப் படகுக்காரர்களுக்கு ஒரு சாட் செயலி எழுதுகிறேன். சிக்னல் போய் வந்தால் செய்திகள் முன்பின்னாகவும் இரண்டிரண்டாகவும் வருகின்றன. என்ன செய்யலாம்?

போன் கடிகாரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் அதை முதலில் விடுங்கள், ஒவ்வொரு போனும் ஒரு நேரம் காட்டும். வரிசை எண்ணை சர்வர்தான் தர வேண்டும், அதுவும் குழுவுக்குக் குழு தனியாக, `seq` 41, 42, 43 என்று.

இரட்டிப்பு வேறு கதை. "கரைக்கு வந்தாச்சு" என்று ஒருவர் அனுப்புகிறார், சர்வர் அதை 42 ஆகச் சேமித்துவிடுகிறது, ஆனால் பதில் போய்ச் சேருமுன் வெப்சாக்கெட் அறுந்துவிட, போன் பாவம் மறுபடி அனுப்புகிறது. அதனால் முதல்முறை அனுப்பும் முன்பே போன் அந்தச் செய்திக்கென்று தனியாக ஒரு `client_id` உருவாக்கி, மறுமுறையும் அதையே அனுப்பட்டும்; ஏற்கெனவே பார்த்த அடையாளம் என்றால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய 42-ஐயே திருப்பித் தரும்.

ஒற்றை டிக் சர்வர் சேமித்த பிறகு, இரட்டை டிக் பெறுபவரின் போன் சேமித்த பிறகு. செய்திக்குச் செய்தி டிக் பதிய வேண்டாம், ஆளுக்கு "இதுவரை வந்தது, இதுவரை படித்தது" என்று இரண்டு எண் போதும். ஆனால் 41-க்குப் பின் 43 வந்தால் "43 வரை வந்தது" என்று சொல்லிவிடக் கூடாது, நடுவில் 42 விட்டுப்போயிருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வரலாற்றை `PRIMARY KEY (chat_id, seq)` என்று வைத்தால், இணைப்பு திரும்பியதும் "41-க்கு மேல் உள்ளதைக் கொடு" என்ற ஒரே கேள்வியில் விடுபட்டதெல்லாம் வந்துவிடும்.